புஷ்பம் ஊரில் இல்லாத ராத்திரிகள்

செப்டம்பர் 24

நேற்று இரவு பஸ் ஏறி மதுரைக்குப் போய், மாட்டுத்தாவணியில் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் தூத்துக்குடிக்குத் திரும்பினேன். வீட்டுக்கு வந்தபோது பால்காரர் தெருவில் நுழைந்துகொண்டிருந்தார். டீ சுமார்தான்.

புஷ்பம் திருநெல்வேலியில் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். வீட்டு மோட்டாருக்கு ஒரு வாஷர் வேண்டியிருந்தது. மதுரையில் நல்லதாகக் கிடைக்கும் என்று கிளம்பினேன். நடுராத்திரியில் கடை திறந்திருக்காது என்பது அருப்புக்கோட்டை தாண்டும்போதுதான் நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 25

இன்றும் மதுரை. அதே கண்டக்டர். "என்ன அண்ணாச்சி, யாரையும் பெரியாஸ்பத்திரில சேத்திருக்கீயளா?" என்று கேட்டார். ஆமாம், சித்தப்பா என்றேன். எப்படி இருக்கிறார் என்றார். பரவாயில்லை என்றேன். சித்தப்பா இறந்து பதினோரு வருடமாகிறது.

செப்டம்பர் 26

புஷ்பம் வந்துவிட்டாள். படுத்ததுதான் தெரியும்.

துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டுகளை எடுத்து, டி.வி. மேல் வரிசையாக வைத்திருந்தாள். வாஷர் பற்றி நானாகவே சொன்னேன். "வாங்குனீயளா?" என்றாள். இல்லை என்றேன். "சரி" என்றாள்.

அக்டோபர் 6

மைத்துனன் எட்வின் சர்ச் முடிந்து நேரே வீட்டுக்கு வந்தான். புஷ்பத்தின் தம்பி. கையில் மக்ரூன் பொட்டலம். சேதியும் கொண்டுவந்திருந்தான்: தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் வந்துவிட்டது, அக்கா பெயர் இருக்கிறது, கலந்தாய்வு ஜனவரியில்.

புஷ்பம் கணக்கு ஆசிரியை. உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியை ஆகப் போகிறாள் என்றால் சந்தோஷம்தான். ஆனால் உள்ளூரில் காலியிடம் கிடையாது. ராமநாதபுரம் பக்கம் எங்காவதுதான் கிடைக்கும். வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும்.

"இந்தத் தடவையாவது போக்கா. போன தடவ மாதிரி வேண்டாம்னு எழுதிக் குடுத்துராத" என்றான் எட்வின்.

அவள் மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, பார்க்கலாம் என்றாள்.

போன தடவையும் முட்டிதான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களை மூன்று வருடம் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். இப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு. இன்னொரு முறை எழுதிக் கொடுத்தால் அப்புறம் அந்த நாற்காலியை மறந்துவிட வேண்டியதுதான். பாழாய்ப்போன முட்டி.

அக்டோபர் 9

ராத்திரி நெஞ்சு படபடக்கிறது. காஸ் என்று நினைக்கிறேன். புஷ்பம் வெளியூரில் தங்குவதை நினைத்தாலே காஸ் வருகிறது.

அக்டோபர் 11

அரசு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தேன். சுத்தம். டாக்டர் அவசரமே இல்லாமல் கேள்வி கேட்டார். படபடப்பு எப்போது வரும்? இருட்டின பிறகு. மனைவி வீட்டில் இருக்கும்போது? வராது. இல்லாதபோது? யோசித்துப் பார்த்தேன். இல்லாதபோது நான் வீட்டில் இருந்ததே இல்லை.

உண்மை அதுதான். துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாக கிரேன் ஓட்டுகிறேன். புஷ்பம் ஊரில் இல்லாவிட்டால் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்வேன். யாரும் விரும்பாத ஷிப்டை விரும்பிக் கேட்பவன் என்று இரண்டு முறை சால்வை போர்த்தியிருக்கிறார்கள். ஷிப்ட் கிடைக்காத நாளில் எப்படியோ எட்வின் வந்து சேர்ந்துவிடுவான், இந்தப் பக்கம் வந்தேன் அத்தான் என்று. இந்த ஆகஸ்டில் கண் பரிசோதித்து, இரவில் பார்வை கொஞ்சம் மங்கல், இனிமேல் பகல் வேலை மட்டும் என்று எழுதிவிட்டார்கள். போன மாதம் எட்வின் சென்னையில் இருந்தான். அதனால்தான் மதுரை.

டாக்டர் பதினேழாம் நம்பர் அறைக்குச் சீட்டு எழுதினார். மனநலப் பிரிவு. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். பிறகு எடுத்துப் பர்ஸில் வைத்தேன். சட்டைப் பையை ஒரு ஆள் பார்ப்பாள்.

அக்டோபர் 14

பதினேழாம் நம்பர் அறையில் நித்திலா என்று ஒரு உளவியலாளர். என் மகள் ஜெமியைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுகிறார்.

பேய் பயமா என்றார். இல்லை. திருடனா? அதுவும் முழுக்க இல்லை. அப்படியானால் என்ன நடக்கும் என்று தோன்றுகிறது? சொல்லக் கூச்சமாக இருந்தது. ஹாலில் யாரோ நிற்பது போலத் தோன்றும். போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். வந்து படுத்தால் மறுபடி நிற்பார்கள். நெஞ்சு அடிக்கும். அந்த நேரத்தில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

சின்ன வயதில் ஏதாவது நடந்ததா என்று அவர் கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்டார். எதுவும் நடக்கவில்லை. ஒன்பது பேர் படுத்த வீடு, அப்புறம் ஐ.டி.ஐ. விடுதி, அப்புறம் துறைமுக மெஸ், அப்புறம் கல்யாணம். தனியாகப் படுக்க ஒரு சந்தர்ப்பமே அமையவில்லை.

"அப்ப நீச்சல் தெரியாத ஆள்தான் சார் நீங்க. தண்ணியில இறங்கினதே இல்ல. ஒவ்வொரு தடவையும் கரையிலேயே திரும்பிட்டீங்க. திரும்பினதும் நிம்மதியா இருந்திருக்கும். அந்த நிம்மதிதான் பயத்தை வளர்த்திருக்கு" என்றார்.

பயத்தைச் சைபரிலிருந்து நூறு வரை அளக்கச் சொன்னார். எங்கள் கிரேன் கேபினில் காற்று வேகமானி உண்டு, அதே மாதிரி என்றேன். காற்று எழுபத்திரண்டைத் தொட்டால் வேலையை நிறுத்தி, கிரேனைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்க வேண்டும்.

"இங்க உல்டா. எழுபத்திரண்டுல இறங்கக் கூடாது. கேபின்லயே உட்காரணும். காற்று தானா குறையுறதைப் பார்க்கணும். அதுக்கு முன்னாடி இறங்கினா, இறங்கினதாலதான் தப்பிச்சோம்னு மனசு எழுதி வெச்சுக்கும்."

சின்னப் படியிலிருந்து தொடங்க வேண்டுமாம். முதல் படிக்கு முன்னால் ஒரு படி: வீட்டில் சொல்ல வேண்டும். அதை எத்தனை போடுவீர்கள் என்றார். தொண்ணூறு என்றேன்.

உங்கள் மனைவிக்கு முட்டி வலி என்றீர்களே, படி ஏறுவாரா என்றும் போகிற போக்கில் கேட்டார். அவள் வகுப்பு இரண்டாவது மாடியில். தினமும் நாலு தடவை ஏறுவாள். இதை ஏன் கேட்டார் என்று தெரியவில்லை.

அக்டோபர் 16

முட்டியைப் பற்றி ஏன் கேட்டார் என்று தெரிந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது, நடு வழியில்.

அக்டோபர் 17

சொன்னேன். புஷ்பம் அடுக்களையில் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள். நான் வாசல்படியில் நின்று, எனக்கு ராத்திரி தனியாக இருக்கப் பயம் என்றேன். ஐம்பத்தாறு வயசு ஆள் சொல்கிற வாக்கியமா இது.

அவள் அரிவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்பத்துல இருந்து?"

"கல்யாணமான மறு வருசத்துல இருந்து. ஜெமி பொறக்க நான் அம்மா வீட்டுக்குப் போனேன்ல? மூணு மாசமும் நைட் ஷிப்டு பாத்தீய. அப்பவே தெரியும்."

எட்வின் வருவது?

"அவன் என்ன, காத்துவாக்குலயா வாரான்? ஒரு ராத்திரிக்கு நாலு புரோட்டா, ஒரு சால்னா, ஒரு ஆம்லெட்டு. இத்தன வருசத்துல அவனுக்கு வாங்கிக் குடுத்த புரோட்டாக்கு ஒரு கடையே வச்சிருக்கலாம்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தாயே, அதுவும் இதற்காகத்தானா என்றேன். அவள் மீனை மஞ்சள் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தாள். அலசிய மீனையே மறுபடி அலசினாள்.

"நீங்க நூறடி ஒசரத்துல உக்காந்து வேல பாக்க ஆளு. இதை எப்படிங்க நான் ஒங்க மொகத்துக்கு நேரா சொல்லுவேன்?"

இந்த முறை எழுதிக் கொடுக்காதே என்றேன். கலந்தாய்வு வரைக்கும் பார்ப்போம், நீங்கள் நன்றாக இருந்தால் போகிறேன், இல்லாவிட்டால் முட்டி வலிதான் என்றாள்.

அக்டோபர் 19

பகல் வேலை: வீட்டைக் கேட்பது. நித்திலா மேடம் சொன்னது. மத்தியானம் டி.வி., மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஹாலில் உட்கார்ந்தேன். இந்த வீட்டில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். அதன் சத்தம் எனக்குத் தெரியவில்லை.

பிரிட்ஜ் ஓடி நிற்கும்போது ஒரு முறை உதறுகிறது. மேல் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் குழாய்க்குள் காற்று புகுந்து யாரோ தொண்டையைச் செருமுவது போல இருக்கிறது. பின்பக்கத் தகரக் கூரை வெயில் ஏற ஏற டக் டக் என்கிறது. ராத்திரி சூடு இறங்கும்போதும் அதையே சொல்லும். உப்பு லாரி முனையில் திரும்பினால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி. அதன் குரலுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை.

சாயங்காலம் பின்கதவுத் தாழ்ப்பாளை மாற்றினேன். பழையது ஆடியது. வாசலுக்கு ஒரு விளக்கு. எதிர்வீட்டு மாடசாமி அண்ணாச்சியின் போன் நம்பர் சுவரில். இதெல்லாம் செய்யலாமா என்று முன்பே கேட்டிருந்தேன். "இது பாதுகாப்பு, கண்டிப்பா செய்யணும். ஒரு தடவை பூட்டினா பாதுகாப்பு சார். நாலு தடவை போய் இழுத்துப் பார்த்தா அது பயத்துக்குப் போடுற தீனி" என்றார். இரண்டுக்கும் உள்ள கோடு புரிந்தது. கடைப்பிடிப்பது வேறு விஷயம்.

அக்டோபர் 21

முதல் படி. இருட்டின பிறகு புஷ்பம் இரண்டு தெரு தள்ளி அவள் அக்கா ராஜம் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் இருப்பாள். எனக்கு டி.வி. உண்டு, எல்லா விளக்கும் உண்டு.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் அறுபத்தைந்து. ஒரு சத்தம் வந்தது. தொட்டி. இன்னொன்று. தகரம். அரை மணி நேரத்தில் நாற்பதுக்கு வந்தது. பிறகு செய்தியில் ஏதோ அரசியல் சண்டை, சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் போட மறந்துவிட்டேன்.

புஷ்பம் வந்ததும், உயிரோடு இருக்கிறீர்களா என்று வாசலிலேயே கேட்டாள். இருக்கிறேன் என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அக்டோபர் 22, 23, 24

அதே படி. ஒரே படியில் திரும்பத் திரும்ப நிற்க வேண்டுமாம், சலித்துப் போகும் வரை. மூன்றாம் நாள் சலித்துவிட்டது. பயம் சலிக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அக்டோபர் 28

டி.வி. இல்லாமல். ஆரம்பத்தில் எழுபது. காற்று குறைய நேரம் பிடித்தது, ஆனால் குறைந்தது.

நித்திலா மேடம் நான் ஊன்றி வைத்திருந்த முட்டுக்கம்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தார். எல்லா விளக்கும் எரிவது. கையில் போன். கட்டிலுக்கு அடியில் இரும்புக் குழாய். பாத்ரூம் போக வேண்டாமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காதது. ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். முதலில் எதை என்றார். தண்ணீர் என்றேன். குடிக்கலாம் என்று சொல்லக் காத்திருந்தது போல அங்கேயே ஒரு பாட்டில் குடித்தேன்.

நவம்பர் 4

புஷ்பமும் பதினேழாம் நம்பர் அறைக்கு வந்தாள். அவளுக்கும் வீட்டுப்பாடம்: அக்கா வீட்டிலிருந்து போன் போட்டு நல்லா இருக்கீயளா என்று கேட்கக் கூடாது. நான் போன் செய்தாலும், ஒன்றும் ஆகாது, பயப்படாதீங்க என்று சொல்லக் கூடாது. ஆறுதல் சொன்னால் அந்த நிமிடம் நன்றாக இருக்கும். அடுத்த நிமிடம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றும். அப்படியானால் என்ன சொல்வது என்றாள். உங்களால் இருக்க முடியும், காலையில் பேசலாம், இது போதும் என்றார் மேடம்.

வெளியே வந்து சர்பத் குடிக்கும்போது, இது எனக்குத்தான் கஷ்டம் போல என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

நவம்பர் 9

இன்று முதல் முழு ராத்திரி. புஷ்பம் அக்கா வீட்டில் படுப்பாள். தயாராக இருக்கிறேன்.

சாயங்காலம் துறைமுக யார்டில் நைட் மேற்பார்வைக்கு ஆள் இல்லை என்றார்கள். அது கிரேன் வேலை இல்லை, கீழே நின்று பார்ப்பதுதான், என் கண்ணுக்கும் தடை இல்லை. எனக்கு முன்னால் என் வாய் சரி என்றது. கஷ்டத்தில் இருக்கிற கம்பெனியை எப்படி விடுவது.

நவம்பர் 10

மேனேஜர் தோளில் தட்டினார். புஷ்பம் ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, தொடாத தோசையைப் பார்த்தாள். "நல்லது" என்று மட்டும் சொன்னாள். மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முட்டியில் ஒன்றும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நவம்பர் 11

இரண்டு மணி நேரத் தனிமை, மூன்று வாரமாகச் செய்து சலித்த படி, இன்றைக்கு எண்பது. தப்பி ஓடினால் பயம் கொழுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரே ராத்திரியில் இவ்வளவு கொழுக்கும் என்று சொல்லவில்லை.

நவம்பர் 13

மேடம் திட்டுவார் என்று போனேன். திட்டவில்லை. சறுக்குவது கணக்கில் உள்ளதுதான், எங்கே சறுக்கியது என்று பாருங்கள் என்றார். பார்த்தேன். எனக்கு ஆபத்து வீட்டில் இல்லை, துறைமுகத்தில் இருக்கிறது. மேனேஜரிடம் போய், சனிக்கிழமை ராத்திரி என்னைக் கூப்பிடாதீர்கள் என்றேன். ஏன் என்றார். வீட்டில் முக்கியமான வேலை. என்ன வேலை? தூங்க வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நவம்பர் 16

மழை. புஷ்பம் குடை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பின்கதவு, முன்கதவு, ஒரு முறை. பூட்டும்போது "பூட்டிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு மனசு கேட்கும்போது பதில் கையில் இருக்கும். ஹால் விளக்கு அணைத்து, படுக்கையறை சிறு விளக்கு மட்டும். இரும்புக் குழாய் பின்கட்டில். நாற்பத்தைந்து.

பத்து மணிக்குக் கரண்ட் போனது.

எழுபத்திரண்டைத் தாண்டிவிட்டது. எண் போடும் நிலையில் நான் இல்லை, இது பிறகு எழுதுவது. நெஞ்சு கப்பல் எஞ்சின் மாதிரி. செருப்பைத் தேடினேன், ராஜம் வீட்டுக்கு ஓடினால் இரண்டு நிமிடம். கதவு வரை வந்துவிட்டேன். கை தாழ்ப்பாளில். புதுத் தாழ்ப்பாள், நான் மாட்டியது.

கேபின்லயே உட்காரணும். கதவுக்கு முதுகைக் கொடுத்து அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினேன். நெஞ்சு அடிக்கட்டும், ஈ.சி.ஜி. சுத்தம், அடித்தால் அடிக்கும். ஹாலில் ஆள் நிற்பது போலவே இருந்தது. என்ன நடக்கும் என்று நினைக்கிறாய் என்று என்னை நானே கேட்டேன். அந்த ஆள் பக்கத்தில் வருவான். சரி, வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மழை பெய்தது. தகரக் கூரை சடசடத்தது. அந்த ஆள் கொடியில் காய்ந்த புஷ்பத்தின் நைட்டி என்று கண் பழகியபோது தெரிந்தது.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கரண்ட் வந்தபோது, கதவில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போய்க் கட்டிலில் படுத்தேன்.

நவம்பர் 17

புஷ்பம் ஆறு மணிக்கே வந்துவிட்டாள். அவள் கண் சிவந்திருந்தது. கரண்ட் போனதும் போனைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். ஆனால் எனக்குப் போன் செய்யவில்லை. நன்றாகத் தூங்கினாயா என்றேன். "நீங்க?" என்றாள். தூங்கினேன் என்றேன். "ரெண்டு பேருல ஒருத்தராவது தூங்குனோமே" என்று இட்லிச் சட்டியை வைத்தாள். தைலப் பாட்டிலை அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டாள்.

நவம்பர் 23, 24, 30

முழு ராத்திரிகள். போன் ஹாலில், நான் அறையில். ஐம்பது, நாற்பது, நாற்பத்தைந்து. குறைந்துகொண்டே வர வேண்டும் என்று எதிர்பார்த்தால் குறையாது. எண் எதுவாக இருந்தாலும் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிசம்பர் 13

புஷ்பம் ராத்திரி பஸ்ஸில் பெங்களூருக்கு, ஜெமியைப் பார்க்க. வெள்ளி, சனி, ஞாயிறு. இரண்டு தெரு தள்ளி என்பது இனி கிடையாது. இதுதான் ஒத்திகை. இது சரியாக நடந்தால் கலந்தாய்வில் ஊரைத் தேர்வு செய்வாள். பஸ் நிலையத்தில், எட்வினிடம் சொல்லி வைக்கவா என்றாள். அவன் புரோட்டாவுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளட்டும் என்றேன்.

டிசம்பர் 14

ஐம்பத்தைந்து, பிறகு முப்பது. ரசம் வைத்தேன். உப்பு அதிகம்.

டிசம்பர் 15

கதவைத் தட்டினார்கள்.

இதை நிதானமாக எழுத வேண்டும். ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். இரவு இரண்டு மணி சுமாருக்குத் தபதப என்று கதவில் இடி. ஐந்தாறு பேரின் காலடி. என் வாழ்நாள் முழுக்கப் பயந்த காரியம், என்னைத் தூக்கத்தில் எழுப்பி, நேரில் வந்துவிட்டது.

எழுந்து உட்கார்ந்தேன். தொட்டி இல்லை. தகரம் இல்லை. உப்பு லாரியும் இல்லை. பாதுகாப்புக்கு உரிய வேலையைச் செய்தேன்: வாசல் விளக்கைப் போட்டு, கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிவப்புச் சட்டை, பருத்த தொப்பை, பஞ்சுத் தாடி, முகமூடி. அதற்குப் பின்னால் கிடார், டிரம், எங்கள் சர்ச் வாலிபர்கள்.

டிசம்பரில் கேரல் வரும் என்பது மறந்தே போய்விட்டது. வருடா வருடம் நடுராத்திரியில் வீடு வீடாக வந்து பாடுவார்கள். கதவைத் திறந்து கேக் கொடுப்பது புஷ்பம்தான். நான் போர்வைக்குள் இருப்பேன்.

திறந்தேன். பாட்டு ஒரு சுரத்தில், கிடார் வேறு சுரத்தில். தெரு நாய்களும் சேர்ந்துகொண்டன. எதிர்வீட்டு மாடசாமி அண்ணாச்சி பால்கனியிலிருந்து, இன்னும் ரெண்டு பாடுங்கடே என்றார். கேக் இல்லை; இருந்த மக்ரூனைக் கொடுத்தேன். கிறிஸ்மஸ் தாத்தா மற்றவர்களை வேனுக்கு அனுப்பிவிட்டு, முகமூடியைத் தூக்கினான். எட்வின். வேர்வையில் பஞ்சு கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"அத்தான், ரொம்ப நேரமாயிட்டு. நான் வேணும்னா இங்கனயே படுத்துக்கிடட்டா?"

யார் சொல்லி அனுப்பினார்கள் என்றேன். யாரும் இல்லை, சத்தியமாக, அக்கா தெரிந்தால் கொன்றுவிடுவாள், பல வருசப் பழக்கம் அத்தான், கால் இங்கேயே நிற்கிறது என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். புரோட்டாவுக்காக மட்டும் வந்தவன் இல்லை இவன். அது எனக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும்.

ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். இருட்டாக இருந்தது. வெறுமனே இருட்டு.

"உள்ள வந்து தண்ணி குடி. குடிச்சிட்டு உன் வீட்டுக்குப் போயி படுல" என்றேன்.

வேன் போனதும் கதவைப் பூட்டினேன். ஒரு முறை. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதையும் கூட்டிக்கொண்டு போய்ப் படுத்தேன்.

ஜனவரி 4

கலந்தாய்வு. திருவாடானை பக்கம் ஒரு உயர்நிலைப்பள்ளி. தேர்வு செய்து கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து போன் செய்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. முட்டி எப்படி என்றேன். "அது கெடக்கு" என்றாள்.

ஜனவரி 8

பள்ளிக்குப் பக்கத்தில் மாடி அறை. அண்டாவும் அரிசியும் கொண்டுபோய் வைத்து, தாழ்ப்பாளைச் சோதித்து, கீழ்வீட்டுக்காரர் நம்பரைச் சுவரில் எழுதிவிட்டு வந்தேன். பஸ் கிளம்பும்போது தலைமையாசிரியை கையை ஆட்டினாள். கொஞ்சம் அதிக நேரம் ஆட்டினாள்.

ஜனவரி 9

இருபத்தைந்து. ஒன்றும் விசேஷமில்லை. படுக்கப் போகும்போது போன் வந்தது. புஷ்பம்.

அங்கே சாப்பாடு, தண்ணீர், பிள்ளைகள், சத்துணவு அமைப்பாளர் என்று நீளமாகப் பேசினாள். எல்லாம் சாயங்காலமே சொல்லி முடித்த விஷயங்கள். வைக்கட்டுமா என்று இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் வைக்கவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஏங்க, இங்கன ஏதோ சத்தம் கேக்கு" என்றாள்.

அவள் பிறந்த வீட்டில் ஆறு பேர். அப்புறம் விடுதி. அப்புறம் நான். ராத்திரி நான் துறைமுகத்தில் இருந்தால், வீட்டில் ஜெமி. எனக்கு இது ஏன் தோன்றவே இல்லை?

அது ஒன்றும் இருக்காது, நான் இருக்கேன்ல, இப்பவே கிளம்பி வாரேன் என்றெல்லாம் வாய் வரை வந்தது. மதுரை பஸ் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து காலைக்குள் போய்விடலாம். விழுங்கினேன்.

"பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன்."

"ஒரு தடவ போயி என்ன சத்தம்னு பாரு. பாத்துட்டுப் படு. ஒன்னால முடியும். காலைல பேசுவோம்."

பிறகு, "பெரிய டாக்டரு" என்றாள். வைத்துவிட்டாள்.

போனை ஹாலில் வைக்கவில்லை. பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். இன்று ராத்திரி பயம் தொண்ணூறு. ஆனால் அது இந்த வீட்டில் இல்லை.

ஜனவரி 10

காலை ஐந்தே முக்காலுக்குத் தலைமையாசிரியையிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி.

"பல்லி."